கோன் இடைவெளி: முதல் ரெண்டு இடைவெளி சரி, மூன்றாவதில் புள்ளையள் தடுமாறுது. என்ன செய்யலாம்?

மண்முனை ரீச்சர்
வணக்கம். தரம் 7 பெண் பிள்ளைகளுக்கு சட்டவேலி ஓட்டம் தொடக்கி இருக்கிறன். வேலி இன்னும் வைக்கவில்லை. 9 அங்குலக் கோன் ஐந்து, இடைவெளி 7 மீற்றர், தொடக்கக் கோட்டில இருந்து முதல் கோனுக்கு 12 மீற்றர். புல்லும் மண்ணும் கலந்த மைதானம். முதல் ரெண்டு இடைவெளியில மூன்று காலடி வருது. மூன்றாவதில நாலு, சிலருக்கு அஞ்சு. கோனுக்கு முன்னால வந்து குறுக்கிக் குறுக்கி மிதிச்சு, பிறகு மேல பாய்ந்து இறங்குறாங்க. காலில பெலன் காணாதா, இல்லை நான் வைச்ச அளவா? அளவு எண்டால் எவ்வளவில தொடங்க வேணும், எப்படிக் கூட்ட வேணும்?

சந்தாங்கேணி
ரீச்சர், அளவுதான். ஒரே அளவில வைக்காதீங்க. ஒரே தடத்தில 5, 5.5, 6, 6.5 எண்டு கூட்டிக்கொண்டு போங்க. புள்ளையள் ஓட ஓட வேகம் கூடும், இடைவெளியும் கூடும், தானாகப் பழகிரும். கல்முனைப் பக்கம் கனபேர் இப்படித்தான் பழக்குறாங்க.

வாவிக்கரை கோச்
ரீச்சர், பெலன் பிரச்சினை இல்லை. 7 மீற்றர் அந்த வயதுக்குக் கூட. எப்படிக் கூட எண்டு ஒருக்கா கணக்குப் போட்டுப் பார்ப்பம்.

ரெண்டு கோனுக்கு இடையில இருக்கிற தூரம் முழுக்க ஓடுற தூரம் இல்லை. கோனைத் தாண்டி இறங்கின இடம் வரைக்கும் ஒரு துண்டு, அடுத்த கோனுக்கு முன்னால கிளம்புற இடத்தில இருந்து கோன் வரைக்கும் இன்னொரு துண்டு. இந்த ரெண்டும் போக மிச்சத்தைத்தான் மூன்று காலடி நிரப்ப வேணும். நல்லா ஓடுற 12 வயதுப் பிள்ளை 6 மீற்றரில ஓடினால் தடம் ஏறக்குறைய இப்படி விழும்: கோனில இருந்து 75 சென்ரிமீற்றரில இறங்கும், பிறகு 1.20, 1.40, 1.35, கடைசியில கோனுக்கு 1.30 முன்னால கிளம்பும். கூட்டிப் பாருங்க, 6 மீற்றர் வரும்.

இதில காலடிகளின்ட வரிசையைக் கவனியுங்க. முதல் காலடி குட்டை, ஏனெண்டால் தாண்டி இறங்கினவுடன வேகம் கொஞ்சம் செத்திருக்கும். நடுக் காலடிதான் நீளம். மூன்றாவது அதைவிட ஒரு பிடி குறைவு, அப்பத்தான் பிள்ளை உடம்பைப் பின்னுக்குச் சாய்க்காமல் கோனுக்கு மேலால முன்னுக்குப் போகும். பெரியவங்க ஓடுற 100 மீற்றர் சட்டவேலியில 8.5 மீற்றர் இடைவெளி. அங்கையும் இதே வரிசைதான்.

இப்ப அதே பிள்ளையை 7 மீற்றரில விட்டால்: இறங்குறது 60 சென்ரிமீற்றர், காலடி 1.45, 1.55, 1.65, கிளம்புறது 1.75 தூரத்தில. மூன்றாவது காலடி எல்லாத்திலயும் நீளம். பிள்ளை ஓடவில்லை, எட்டிப் பிடிக்குது. ஒவ்வொரு எட்டிப் பிடிப்பிலயும் வேகம் கொஞ்சம் போகும். முதல் ரெண்டு இடைவெளியைத் தொடக்க வேகம் காப்பாத்தும். மூன்றாவதுக்கு வரேக்க வேகம் முடிஞ்சிரும், நாலாவது காலடி தேவைப்படும். நீங்க சொன்ன "குறுக்கி மிதிச்சு மேல பாயுறது" இதின்ட முடிவுதான்.

திருக்கோவில் கடற்கரை
கோச் சேர், அந்தத் தடங்களை எண்ணினால் நாலு வருதே? இறங்கினது ஒண்டு, பிறகு ரெண்டு, மூன்று, நாலு. அப்ப எங்கட புள்ளையள் நாலு காலடி எண்டு நினைச்சு மூன்றுக்கு மாத்தச் சொல்லிக்கொண்டு இருக்கிறம்.

வாவிக்கரை கோச்
தம்பி, மாத்தாதீங்க. அவங்க சரியாத்தான் ஓடுறாங்க. நிலத்தில நாலு தடம் விழும், ஆனால் இறங்குற தடம் கணக்கில பூச்சியம். அதுக்குப் பிறகு வாறதுதான் ஒண்டு, ரெண்டு, மூன்று. மூன்றாவது தடத்தில இருந்து கிளம்பும். எந்தக் காலால இறங்கினதோ அதே காலை அடுத்த கோனுக்கும் முன்னால வீசினால், அது மூன்று காலடி. சோதிச்சுப் பார்க்க அதுதான் லேசான வழி. கால் மாறி மாறி வந்தால் ரெண்டு இல்லாட்டி நாலு காலடி.

பிள்ளைகளுக்கு எண்ணிக்கை சொல்லிக் குடுக்கிறதை விட தாளம் லேசு. எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூத்து மத்தளம் காதில இருக்கு. "தா… தகிட, தா… தகிட". இறங்கேக்க "தா", மூன்று காலடிக்கும் "தகிட". "ட"வில கிளம்பி கோனுக்கு மேலால போற நேரம் வாயில இடைவெளி. நிண்ட இடத்தில கைதட்டி ஒருக்கா, மெதுவா ஓடி ஒருக்கா, அதுக்குப் பிறகு கோனோட. முன்னால நிக்கிற பிள்ளையள் தட்ட, ஓடுற பிள்ளை அந்தத் தட்டுக்கு ஓடக்கூடாது. ஓடுற பிள்ளையின்ட காலடிக்குத்தான் மற்றவங்க தட்ட வேணும். மாத்திச் செய்தால் வேகம் கூடின பிள்ளை மெதுவான தட்டுக்குக் காத்து நிக்கும்.

சந்தாங்கேணி
நான் சொன்ன கூடுற இடைவெளி பற்றி ஒண்டும் சொல்லவில்லையே கோச்?

வாவிக்கரை கோச்
நானா, நீங்க சொன்ன காரணம் சரி, அளவுதான் சரியில்லை. பிள்ளை முதல் மூன்று கோன் வரைக்கும் வேகம் கூடிக்கொண்டுதான் போகும். அதுக்கேற்ப ரெண்டாவது இடைவெளியை முதலாவதை விட 10 சென்ரிமீற்றர் கூட்டி வைச்சால் பிள்ளைக்கு அது தெரியாது, தாளமும் கெடாது. ஆனால் ஒவ்வொண்டும் அரை மீற்றர் எண்டால், ஒரே ஓட்டத்தில நாலு வேற வேற தாளம். 5 மீற்றரில கால் நெருக்குப்பட்டு நுனிவிரலில தட்டும், 6.5 இல எட்டிப் பிடிக்கும். தனக்குச் சரியான இடைவெளியில அந்தப் பிள்ளை ஒரே ஒருக்காத்தான் ஓடும். எட்டிப் பிடிக்கிறதுதான் பழகும்.

30 சென்ரிமீற்றர் வித்தியாசம் ஓட்டத் தடத்துக்குத் தடம் இருக்கட்டும். நாலு தடம் பக்கத்தில பக்கத்தில: 5.5, 5.8, 6.1, 6.4. ஒவ்வொரு தடத்துக்குள்ளயும் எல்லா இடைவெளியும் ஒரே அளவு. பிள்ளையள் குறைஞ்ச தடத்தில தொடங்கி, சுகமா வந்தால் அடுத்த தடத்துக்குப் போகட்டும். தாளம் உடைஞ்சால் ஒரு தடம் திரும்பி வரட்டும். 12 பிள்ளை இருந்தாலும் ஒவ்வொருத்தருக்கும் தன்ட அளவு கிடைக்கும்.

கோன் காணாது எண்டால் ரெண்டு தடம் போதும். நைலோன் கயிறு ரெண்டில இடைவெளி இடைவெளியா நிறத் துணி கட்டி வைச்சிருங்க, ஒண்டு 5.8, மற்றது 6.1. ஒவ்வொரு முறையும் அளவு நாடா இழுக்கிற வேலை மிச்சம், அளவும் நாளுக்கு நாள் மாறாது. கயிற்றை ஓட முதல் எடுத்திருங்க, காலில கொழுவும்.

மண்முனை ரீச்சர்
கயிறு நல்ல யோசனை சேர். மூன்று சந்தேகம். முதல் கோனுக்கு 12 மீற்றர் சரியா? எப்ப அடுத்த அளவுக்குப் போறது? கோன் குட்டையா இருக்கிறதால சில பிள்ளையள் தாண்டாமல் சும்மா ஓடிப் போறாங்க, அதைத் திருத்த வேணுமா?

வாவிக்கரை கோச்
முதலாவது. முதல் கோனுக்கு எட்டுக் காலடி. எட்டுக் காலடியில கிளம்ப வேணும் எண்டால் பிள்ளை எந்தக் காலால கிளம்புதோ அந்தக் கால் தொடக்கக் கோட்டில முன்னால இருக்க வேணும். கனபேர் கவனிக்கிறதில்லை. கால் மாறி நிண்டால் எட்டாவது காலடி தப்பான காலில விழும். பிள்ளை ஒன்பதாவது காலடி வைச்சு நெருக்கும். பிறகு இடைவெளி எவ்வளவு சரியா வைச்சாலும் முதல் கோனிலயே தாளம் போயிரும். 12 மீற்றர், 13 மீற்றர் எல்லாம் உண்மையான போட்டி அளவு. 12 வயதுக்கு 10.5 மீற்றரில தொடங்குங்க. தரையில எட்டுத் தடத்தையும் பார்த்து, எட்டாவது தடம் கோனுக்கு ஏறக்குறைய 1.3 மீற்றர் முன்னால வாறமாதிரி கோனை நகர்த்துங்க. பிள்ளையை நகர்த்தாதீங்க.

ரெண்டாவது. நாட்காட்டி பார்த்துக் கூட்டாதீங்க. நாலு ஓட்டம் விடுங்க. அதில மூன்றில எல்லா இடைவெளியும் மூன்று காலடியா வந்து, மூன்றாவது காலடி நடுக் காலடியை விடக் குறைவா இருந்தால் கூட்டலாம். கூட்டுறது 20 சென்ரிமீற்றர், அதாவது சப்பாத்து நீளத்தை விடக் கொஞ்சம் குறைவு. தடம் பார்க்க, ரெண்டாவது கோனுக்கும் மூன்றாவது கோனுக்கும் இடையில ஈர்க்குமாறால மண்ணைக் கூட்டி மட்டமாக்கிட்டு ஓட விடுங்க. விரல் நுனியில இருந்து விரல் நுனிக்கு அளக்கிறது. ஒருக்கா விரல், ஒருக்கா குதி எண்டு அளந்தால் கணக்கு வராது.

மணிக்கூடும் வேணும். முதல் கோன் தாண்டி இறங்கினதில இருந்து ஐந்தாவது கோன் தாண்டி இறங்கும் வரை நேரம் எடுங்க. அது நாலு இடைவெளி. 6 மீற்றரில 4.6 செக்கன் எண்டால், அதே வேகத்தில 6.2 மீற்றருக்கு 4.75 வரும். 4.7, 4.8 எண்டால் பிள்ளை ஓடுது. 5.1 எண்டால் தூரம் கூடினதுக்கு வேகத்தை விலையாக் குடுத்திருக்கு, பழைய அளவுக்குத் திரும்புங்க. மூன்று காலடி வந்ததை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது, ஏனெண்டால் பிள்ளையள் கெட்டிக்காரர். நீங்க மூன்று கேட்டால் எப்படியாவது மூன்று வைச்சுக் காட்டுவாங்க.

மூன்றாவது சந்தேகத்துக்கு படுவான்கரை ஐயா வந்தால் நல்லம், அவர் இதைப் பற்றிக் கனக்கச் சொல்லுவார்.

அக்கரை வாப்பா
மன்னிக்க வேணும், இடையில கேக்கிறன். என்ட மகன் 400 மீற்றர் சட்டவேலி ஓட ஆசைப்படுறான், வயசு 15. அதில இடைவெளி 35 மீற்றர். அதுக்கும் 20 சென்ரிமீற்றராக் கூட்டுறதா?

படுவான்கரை
வாப்பா, அது வேற ஓட்டம். 35 மீற்றருக்குள்ள மூன்று காலடித் தாளம் இல்லை. தன்ட காலடி நீளத்துக்கேற்ப பதினைந்தோ பதினேழோ வைச்சு வர வேணும், கடைசியில களைப்பு வரேக்க எண்ணிக்கை கூடும். ஆனால் மகன் ரெண்டு காலாலும் தாண்டப் பழகட்டும், அதில அது பெரிய உதவி. இதுக்குத் தனி இழை போடுங்க, அங்க விரிவா எழுதுறன்.

இப்ப ரீச்சரின்ட மூன்றாவது கேள்வி. குட்டைக் கோனில பிள்ளையள் சும்மா ஓடிப் போறது பிழை இல்லை, ஆனால் ஒரு விஷயம் காணாமல் போயிரும். தாண்டுற காலடி மற்றக் காலடிகளை விட நீளமா இருக்க வேணும். கோன் வெறும் 9 அங்குலம் எண்டால் பிள்ளைக்கு அது தேவையில்லை. எல்லாக் காலடியும் ஒரே நீளமாப் போகும், "தா…" எண்ட இழுவை கேக்காது. கோனை உயர்த்தாமலே இதுக்கு வழி இருக்கு. தனிக் கோனுக்குப் பதிலா, ஒரே உயரத்தில ரெண்டு கோனை 60 சென்ரிமீற்றர் அகலத்தில பக்கத்தில வைச்சு, மேல ஒரு தென்னை ஈர்க்கை வையுங்க. பிள்ளை பட்டால் ஈர்க்கு விழும், காலில காயம் வராது. பிறகு ஈர்க்குக்கு முன்னால ஒரு மீற்றரில சுண்ணாம்புக் கோடு ஒண்டு, பின்னால அரை மீற்றரில ஒரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் இடையில கால் விழக் கூடாது. இப்ப பிள்ளை மேல பாயாமல் நீளத்துக்குப் போகும்.

உயரத்தைக் கூட்டுற நாளில இடைவெளியைக் கூட்டாதீங்க. உயரம் கூடினால் பிள்ளை வானத்தில கொஞ்சம் கூட நேரம் நிக்கும், இறங்கேக்க வேகம் கூடுதலாச் சாகும், முதல் காலடி இன்னும் குட்டையாகும். 9 அங்குலத்தில 6.2 மீற்றர் ஓடின பிள்ளைக்கு 12 அங்குலம் வைச்சால் இடைவெளியை 6 மீற்றருக்குத் திருப்பி எடுங்க. பிறகு மெதுவாக் கூட்டலாம்.

திருக்கோவில் கடற்கரை
எங்கட மைதானம் முழுக்க மணல். கால் புதையும். கோச் சொன்ன 6 மீற்றர் எங்களுக்கும் சரியா?

வாவிக்கரை கோச்
இல்லை தம்பி. புதையிற மணலில தள்ளுற பெலன் பாதி மணலுக்குள்ள போயிரும். 5.5 இல தொடங்குங்க. அதே பிள்ளை இறுகின தரைக்கு வந்தால் கால் கோனுக்குக் கிட்ட வந்து விழும், நெருக்கும். வெபர் மைதானத்திலயோ வேற எங்கயோ போட்டிக்குப் போக முதல், இறுகின தரையில ஒரு நாளாவது ஓட விட்டு இடைவெளியைத் திருத்துங்க. அலை நனைச்ச ஈர மணல் ஓரளவு இறுக்கம்தான், ஆனால் சரிவு இருக்கும். ஒரு கால் பள்ளத்தில ஓடும், ஆகவே தாளம் பழக அது கூடாது.

காற்றையும் பாருங்க. பின்னேரம் கடல்காற்று, சோளகக் காலத்தில மேற்கால கச்சான். எதிர்க்காற்றில ஒரு காலடிக்கு சில சென்ரிமீற்றர் குறைஞ்சாலே மூன்று காலடிக்கும் சேர்த்து ஒரு சாண் போயிரும். இடைவெளி கூட்டுற நாளில காற்று முதுகில படுற பக்கமா ஓட விடுங்க. எதிர்க்காற்றில பிள்ளை தவறினால் அளவைக் குற்றம் சொல்லாதீங்க, பிள்ளையையும் சொல்லாதீங்க.

மண்முனை ரீச்சர்
நீங்க சொன்னபடி செய்து பார்த்தன். 10.5, இடைவெளி 6, ஈர்க்கு, சுண்ணாம்புக் கோடு. மூன்று பிள்ளையின்ட அளவு எழுதுறன்.

முதல் பிள்ளை: நாலு ஓட்டத்திலயும் தாளம் உடையவில்லை. 4.6 செக்கன். 6.2 க்கு மாத்தினன், 4.7.

ரெண்டாவது பிள்ளை: மூன்று காலடி வந்தது. ஆனால் தடம் 1.10, 1.30, 1.45. இறங்கினது 80 சென்ரிமீற்றர், கிளம்பினது 1.35. நேரம் 4.9.

மூன்றாவது பிள்ளை உயரம் குறைவு. 6 இல முடியவே இல்லை. 5.6 இல அழகா வந்தது. 5.8 க்குப் போனால் மூன்றாவது இடைவெளியில இருந்து நாலு காலடி, ஆனால் வேகம் குறையவில்லை. கால் மாத்தி மாத்தித் தாண்டி ஓடிட்டுப் போறாள்.

வாவிக்கரை கோச்
முதல் பிள்ளையை 6.2 இல வைச்சிருங்க, அவசரப்படாதீங்க. ஐந்து கோன் உடையாமல் வந்தால், கோனை ஏழாக்கிப் பாருங்க. கடைசி ரெண்டு இடைவெளியில களைப்புத் தெரிஞ்சால் அந்த ரெண்டை மட்டும் 6 ஆக்குங்க. தாளம் கடைசி வரைக்கும் உயிரோட இருக்கும். பிறகு அதையும் 6.2 க்குக் கொண்டு வரலாம். ஒரு நாளைக்கு ஆறு, எட்டு ஓட்டம் போதும், நடந்து திரும்பி வந்து மூச்சு அடங்கின பிறகு அடுத்தது. களைச்ச கால் எட்டிப் பிடிக்கத்தான் பழகும்.

ரெண்டாவது பிள்ளைதான் கவனம். நீங்க தடம் அளக்காமல் விட்டிருந்தால் இவளை 6.2 க்கு ஏத்தி இருப்பீங்க. 1.45 தான் கடைசிக் காலடி, நடுவில 1.30. எட்டிப் பிடிக்கிறாள். 5.8 க்கு இறக்குங்க, அங்க 1.15, 1.30, 1.25 மாதிரி வரும் எண்டு பாருங்க. வந்தால் கூட்டாமல் அங்கயே வேகமா ஓடட்டும். இடைவெளி கொஞ்சம் குறைவா இருந்து கால் கெதியா அடிக்கிறது நல்ல பழக்கம். 100 மீற்றர், 110 மீற்றர் ஓடுற பெரிய வீரருக்கும் பயிற்சியில வேலியைக் கிட்ட கிட்ட வைக்கிறது இதுக்குத்தான்.

மூன்றாவது பிள்ளையை 5.6 இல விடுங்க. நாலு காலடி எடுக்க விடாதீங்க.

படுவான்கரை
கடைசி வரியில எனக்கு உடன்பாடு இல்லை கோச். அந்தப் பிள்ளை கால் மாத்தித் தாண்டியும் வேகம் குறையாமல் ஓடுறாள் எண்டால் அது ஒரு திறமை. உயரம் குறைஞ்ச பிள்ளை, அடுத்த வருசம் உயரம் எப்படிப் போகுமோ தெரியாது. ரெண்டு காலும் பழகினால் பிறகு மூன்றுக்குப் போறதும் லேசு, வாப்பாவின்ட மகன் மாதிரி நீண்ட ஓட்டத்துக்குப் போறதும் லேசு. வாரத்தில ஒரு நாள் 7 மீற்றரில நாலு காலடியா ஓட விடுவன் நான்.

வாவிக்கரை கோச்
ஐயா, நாலு காலடி பழகின பிள்ளை நெருக்கடியில நாலுக்குத்தான் போகும். 80 மீற்றர் சட்டவேலியில 8 மீற்றர் இடைவெளி, எட்டு வேலி. அங்க மூன்று வைக்க வேணும் எண்டால், மூன்று எண்டது யோசிக்காமல் வர வேணும். ரெண்டு காலும் பழக வேணும் எண்டதை ஒத்துக்கொள்ளுறன். அதுக்கு ஓட்டத்துக்கு வெளியில நடந்து பழகிற வேலை இருக்கு.

படுவான்கரை
நடந்து பழகினது ஓடேக்க வராது. நாங்க ரெண்டு பேரும் இதில ஒத்துப்போகப் போறதில்லை, ரீச்சர் ரெண்டு விதமும் பார்த்து அளவை எழுதட்டும்.

சந்தாங்கேணி
ரீச்சர், மூன்றாவது பிள்ளைக்கு முதல் இடைவெளி 5.5, பிறகு 5.6, 5.7 எண்டு 10 சென்ரிமீற்றராக் கூட்டிப் பார்க்கலாமா? அவளுக்கு வேகம் தாமதமாத்தான் வருது போல.

வாவிக்கரை கோச்
செய்யலாம் நானா, அவளுக்கு அது பொருந்தும். ஆனால் 5.7 க்கு மேல போகாதீங்க, அதுக்குப் பிறகுள்ள இடைவெளி எல்லாம் 5.7 ஆகவே இருக்கட்டும். ரீச்சர், நாலாவது இடைவெளியின்ட தடத்தை அளந்து போடுங்க, மூன்றாவதை வேண்டாம். உடையிறது அங்கதான் முதல்ல தெரியும்.

மண்முனை ரீச்சர்
சரி சேர். செவ்வாய் பின்னேரம் மழை இல்லாட்டி அளந்து போடுறன். படுவான்கரை ஐயா சொன்ன 7 மீற்றரையும் அவளுக்கு ஒரு ஓட்டம் வைச்சுப் பார்க்கிறன், நேரத்தோட எழுதுறன்.